ஒரு கேரக்டருக்கு எவ்ளோ ப்ரோ?

போன மாசம் கேம் பண்ற ஒருத்தர் அனுப்பின மெசேஜ்தான் தலைப்புல இருக்கு. பிக்ஸல் ஆர்ட்ல இதுக்கு உடனே ஒரு நம்பர் சொல்ல முடியாது. நாங்க எண்ணுறது கேரக்டரை இல்ல, ஃபிரேமை.

அவர் கேட்டது 32×32 அளவுல ஒரு காவல்காரன். நிக்கிறதுக்கு 4 ஃபிரேம், நடக்கிறதுக்கு 6, ஆக 10. மேலே இருந்து பார்க்கிற கேம், அதனால நாலு திசை வேணும். வலப்பக்கம் வரைஞ்சதை அப்படியே திருப்பினா இடப்பக்கம் கிடைச்சிடும். மூணு திசை வரைஞ்சா போதும். ஆனா அவன் வலது கையில வேல் இருக்கு. திருப்பினா வேல் இடது கைக்குப் போயிடும்! இதை முதல்லயே கேட்டாகணும். நான் அனுப்பின பதில் இது:

"டிசைனுக்கு 600 ரூபாய், ஃபிரேமுக்கு 80. வேல் கை மாறினா பரவாயில்லன்னா 30 ஃபிரேம், மொத்தம் 3000. மாறக்கூடாதுன்னா 40 ஃபிரேம், 3800. பாதி முன்பணம்.

முதல்ல நிக்கிற போஸ் ஒண்ணு மட்டும் அனுப்புவேன். அதுல ரெண்டு தடவை எதை வேணா மாத்தலாம். நீங்க ஓகே சொன்ன பிறகுதான் அனிமேஷன். அதுக்கப்புறம் வேகம், நிறம் மாத்த காசு இல்ல. உருவத்தை மாத்தினா, தொடுற ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 40.

ஃபைல்: பின்னணி இல்லாத PNG ஷீட், ஒரிஜினல் சைஸ்ல. கூடவே .aseprite ஃபைலும் தருவேன்."

வேகம்ங்கிறது ஒரு ஃபிரேம் எத்தனை மில்லி செகண்ட் நிக்கணும்ங்கிற நம்பர்தான். நிறமும் அப்படித்தான். இன்டெக்ஸ்டு மோடுல வரைஞ்சிருந்தா, பேலட்ல ஒரு நிறத்தை மாத்தினாலே எல்லா ஃபிரேம்லயும் மாறிடும். உருவம் அப்படி இல்ல. அவர் தலைப்பாகைக்குப் பதிலா ஹெல்மெட் கேட்டார். போஸ் நிலையிலயே கேட்டதால அரை மணி நேர வேலை. அனிமேஷன் முடிஞ்சு கேட்டிருந்தா 40 ஃபிரேம்லயும் தலையை மறுபடி வரையணும், அவருக்கு 1600 ரூபாய் கூடுதல்.

JPG ஏன் கூடாது? அதுல பின்னணியை வெறுமையா விட முடியாது. கம்ப்ரஸ் ஆகும்போது பிக்ஸல் ஓரத்துல அழுக்கு மாதிரி புது நிறங்கள் வந்துடும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினாலும் இதே கதிதான். டாக்குமெண்ட்டா அனுப்பணும்.

ஃபைல் கைக்குப் போனதும் "மங்கலா தெரியுதே"ன்னு கேட்டார். PNG-ஐ எடிட்டர்ல திறந்து பெருசாக்கிப் பார்க்கச் சொன்னேன். கட்டம் கட்டமா தெளிவா இருந்துச்சு. அப்போ தப்பு ஃபைல்ல இல்ல, கேம் என்ஜின்ல. யூனிட்டியில Filter Mode-ஐ Point (no filter)னு மாத்தினதும் சரியாயிடுச்சு. அடுத்த கொட்டேஷன்ல இந்த வரியையும் சேர்த்துட்டேன்.

அவர் 3800-தான் எடுத்துக்கிட்டார். காவல்காரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் வேல் வலது கையிலயே இருக்கு.