மணிக்கட்டில் ஒரு கணக்கன்

உருவத்தைப் போலச் செய்வது எளிது. தொழிலைப் போலச் செய்வது அரிது. இதற்குச் சான்று வேண்டுவோர் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ‘எம் 4’ என்னும் கைப்பட்டையைப் பார்க்கலாம். 2019இல் ஷாவ்மி நிறுவனம் வெளியிட்ட மி பேண்ட் 4இன் சாயலே அது. செய்தவர் பெயர் பெட்டியில் இராது. மூலப் பொருளைத் தனித்தொட்டிலில் வைத்து மின்னூட்டுவர். போலியில் வாரை இழுத்துக் கழற்றினால் யு.எஸ்.பி. முனை தலைகாட்டும்.

ஈப்போவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இதனை வாங்கினார். தொலைபேசியின் புளூடூத் பட்டியலில் தேடி இணைத்தார். கடிகாரம் தவறான மணியையே காட்டியது. பேத்தி அருகில் வந்தாள்.

“தாத்தா, அங்கே இணைத்ததை முதலில் நீக்குங்கள். செயலிக்குள்ளிருந்துதான் இதை இணைக்க வேண்டும்.”

துண்டுத்தாளில் குறித்திருந்த FitPro என்னும் செயலியை, தாளிலிருந்த இணைப்பின் வழியாக அன்றி, பிளே ஸ்டோரிலேயே தேடி இறக்கினாள். பழைய ஆண்ட்ராய்டு தொலைபேசியாதலால், பட்டையைக் கண்டறிய இருப்பிட அனுமதி தேவைப்பட்டது, அதனை அளித்தாள். தொடர்பு எண்களைக் கேட்டபோது மறுத்தாள். அழைப்பவர் பெயர் பட்டையில் தோன்றாது, வேறு இழப்பில்லை. இணைந்தவுடன் மணி தானே சரியாயிற்று.

பின்னர்ச் சோதனை தொடங்கியது. ஆசிரியர் எண்ணி நூறு அடி நடந்தார். பட்டை தொண்ணூற்றாறு என்றது. குறையில்லை. மாடிப்படி ஏறி இறங்கி, நாடியை விரலால் அரை நிமிடம் எண்ணி இரட்டித்தார்: நூற்றுப் பன்னிரண்டு. பட்டையோ, அமர்ந்திருந்தபோது காட்டிய எழுபத்தெட்டிலேயே நின்றது.

“இரத்த அழுத்தம் 118க்கு 76 என்கிறதே! மாத்திரையைக் குறைக்கலாம் போலிருக்கிறது,” என்றார்.

பேத்தி பட்டையைக் கழற்றிச் சுருட்டிய துணியில் கட்டினாள். துணிக்கும் 121க்கு 79 என்று வந்தது.

துணியில் நாடித்துடிப்பு தோன்றுவது மட்டும் போலிக்குச் சான்றன்று; பச்சை ஒளி எதிர்பட்டுத் திரும்புவதால் நல்ல கருவியும் சில வேளை ஏமாறும். ஆயின், அழுத்தத்தை உரைப்பது வேறு. தோலடியில் குருதி ததும்புவதை ஒளி காணும். எவ்வளவு விசையுடன் ததும்புகிறது என்பதைத் தானே அறியாது. ஒளி கொண்டு அழுத்தம் கூறும் தரமான கடிகாரங்களும், கையைச் சுற்றி இறுக்கும் கருவியோடு ஒப்பிட்டுச் சீர்செய்யுமாறு முதலில் கேட்கும். எதையும் கேளாமல் உடனே கூறும் பட்டை, ‘நலமுள்ளவர்’ எண்ணை எழுதி வைத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஊசியின்றிச் சர்க்கரை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களையும் நம்பலாகாதென 2024இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

ஆசிரியர் அடிகளை எண்ண மட்டும் பட்டையை வைத்துக்கொண்டார். மாத்திரையைப் பற்றிய முடிவை மருத்துவரிடமே விட்டார்.