ஆங்கிலத்தில் ஒரு பயோடேட்டா

போன மாதம் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் பையில் ஒரு நோட்டுத்தாளுடன் வந்தார். பெண்ணின் விவரங்களைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். அமெரிக்காவில் இருக்கும் வரன்களுக்கு அனுப்ப ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டுமாம். "ஆபீசுல எத்தனை டிராஃப்ட் போட்டிருப்பீங்க, உங்களுக்கு இது என்ன சார்?" என்றார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஆங்கிலம் கோப்புகளில் நோட் எழுதி எழுதி வந்ததுதான். அதனால் எந்தச் சொல்லையும் அகராதி பார்க்காமல் விடமாட்டேன். அந்தப் பழக்கம் இதில் உதவியது.

தாளின் முதல் வரி, 'குடும்பப் பாங்கான பெண்'. நம் ஊர் விளம்பரங்களில் இதை 'ஹோம்லி' என்று போடுவார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அழகில்லாதவள் என்று பொருள்! நண்பருக்கு முகம் மாறிவிட்டது. "நம்ம பொண்ணைப் பத்தி நாமே அப்படி எழுதினா எப்படி சார்?" அதை எடுத்துவிட்டு, தினமும் வேலைக்குப் போய் வந்து பாட்டியைக் கவனித்துக்கொள்கிறாள் என்று நடப்பதையே எழுதினேன். மாநிறம் என்பதற்கு இங்கே போடும் 'வீட்டிஷ்' அங்கே யாருக்கும் புரியாது. போட்டோவே போதும் என்று விட்டுவிட்டேன். தாத்தா 'எக்ஸ்பையர்டு' என்று அவர் சொன்னதும் சரியில்லை. காலாவதியாவது மருந்தும் பாஸ்போர்ட்டும்தான்.

பிறந்த தேதி 06-09-1994 என்று இருந்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், ஜூன் 9 ஆகிவிடும். பிறகு ஜாதகம் கணித்தவர் தலையில் கைவைக்க வேண்டியதுதான். மாதத்தை எழுத்தில் எழுதினேன். பெயரை இனிஷியலோடு எழுதாமல், பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுதினேன். எங்கள் ஊரில் 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய குடும்பங்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. மற்றவர்களுக்கு அப்பா பெயர்தான். அது பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

எல்லாம் முடிந்து காப்பி குடிக்கும்போதுதான் நண்பர் குரலைத் தாழ்த்தினார். பெண்ணுக்கு 2019-இல் ஒரு கல்யாணம் நடந்ததாம். ஐந்து மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள். 2022-இல் குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்து. "அதை இதுல போட வேணாம் சார். பேசிப் பழகின பிறகு சொல்லிக்கலாம்."

நான் பேனாவை மூடினேன். தர்மம் எல்லாம் பேசவில்லை. எனக்குத் தெரிந்த காகித வழியில்தான் சொன்னேன். மாப்பிள்ளை கிரீன் கார்டு வைத்திருப்பவரோ குடிமகனோ என்றால், மனைவிக்காக I-130 என்ற படிவம் கொடுக்க வேண்டும். அதில் அவளுக்கு முன்பு திருமணம் ஆகியிருக்கிறதா, எந்தத் தேதியில் முடிந்தது என்று கேட்கிறார்கள். முடிந்ததற்கு அத்தாட்சியும் வைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் அந்தக் குடும்பம் என்ன நினைக்கும்? மறைத்துப் படிவத்தில் பொய் எழுதினால் அவளுடைய விசாவே போய்விடும். "ஒளிச்சு வைச்சா மாட்டிக்கப் போறது உங்க பொண்ணுதான்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் தாளை மடித்துக்கொண்டு போனார்.

சரி, இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் மாலை அந்தப் பெண்ணே வந்தாள். வாசலில் நின்றபடியே, "அங்கிள், அப்பா இன்னொரு சொல் கண்டுபிடிச்சுட்டு வந்திருக்கார்" என்று ஒரு சீட்டை நீட்டினாள். 'இன்னொசன்ட் டைவர்சி'. நம் கல்யாண விளம்பரங்களில் சில நாள் மட்டும் நீடித்த மணத்தைக் குறிக்க இப்படிப் போடுவார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை படித்தால், அப்படியானால் குற்றவாளி யார் என்றுதான் கேட்பான்.

"வேணாம்மா" என்றேன்.

"எனக்கும் வேணாம். விவாகரத்து, குழந்தை இல்லை, தீர்ப்பு வந்த வருஷம். அவ்வளவு போதும் அங்கிள்."

எங்கே வைப்பது என்று கேட்டேன். நான் கடைசியில், சகோதரர்கள் விவரத்துக்குக் கீழே வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். நாற்பது வருட ஆபீஸ் புத்தி, சங்கடமான விஷயத்தைக் கடைசிப் பத்தியில் வைப்பது. அவள் தாளை வாங்கி, பிறந்த தேதிக்கு அடுத்த வரியில் விரலை வைத்தாள்.

"இங்கே. இதுக்கு மேல படிக்கணுமா வேணாமான்னு அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்."

அங்கேயே எழுதினேன். மூன்று குடும்பங்களுக்கு அனுப்பினோம். இரண்டு இடத்திலிருந்து பதில் இல்லை. நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அம்மா, தீர்ப்பின் நகல் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். இருக்கிறது. நேற்று அதை ஸ்கேன் செய்யக் கடைக்குப் போனது நானும் நண்பரும்தான்.