திருகு... அப்புறம் தூக்கு!

ஹாஸ்டல்ல சீனியர் ஒருத்தர் ரைஸன் கம்ப்யூட்டர்ல கூலரை வெடுக்குனு இழுக்க, பிராசஸரும் கூடவே வந்துருச்சு பாஸ்! ஏஎம்4 வகையில பின்கள் பிராசஸருக்கு அடியில இருக்கும். காய்ஞ்ச தெர்மல் பேஸ்ட் கோந்தாட்டம் பிடிச்சுக்கும். சாக்கெட் லிவர் பூட்டியிருந்தாலும் பிடுங்கிட்டு வரும். வளைஞ்ச நாலு பின்னை பழைய ஏடிஎம் கார்டு ஓரத்தால நிமிர்த்தறதுக்குள்ள மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டிருச்சு.

நீங்க பத்து நிமிஷம் கம்ப்யூட்டரை ஓடவிடுங்க, பேஸ்ட் இளகும். அணைச்சு, பிளக்கைக் கழட்டி, கூலர் பிடிப்பை விடுவிச்சு, இடம் வலமா மெல்லத் திருகுங்க. வழுக்க ஆரம்பிச்சதும் தூக்குங்க.

பழசைத் துடைச்சிட்டு, நடுவுல பட்டாணி அளவு புது பேஸ்ட் போதும். கூலர் அழுத்தமே பரப்பிடும். ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையா, கொஞ்சம் கொஞ்சமா முடுக்குங்க. பயாஸ்ல சும்மா இருக்கும்போதே 90 டிகிரி காட்டினா, கூலர் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கலாம். உடனே அணைச்சிடுங்க!