பொட்டலத்து முன்பக்கத்துல என் கேழ்வரகு

ரெண்டு மாசமா எதுவும் எழுதல. குச்சிக்கிழங்கு பிடுங்குற வேலை, அப்புறம் வீட்டம்மாவோட உடம்பு. அந்த ரெண்டாவது விஷயத்தைத்தான் இன்னைக்கு எழுதறேன். அதுல கிழங்கும் வரும், கேழ்வரகும் வரும்.

எங்க வீட்டம்மாவுக்கு ஒன்பது வருஷமா சர்க்கரை. மாத்திரை, நடை, வாயைக் கட்டுறதுன்னு ஓரளவு கட்டுப்பாட்டுல வெச்சிருந்தாங்க. மூணு மாச சராசரின்னு ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பாங்களே, அது போன ஆடியில 7.4. பொங்கல் கழிச்சு எடுத்தப்ப 8.6. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டி எழுதிட்டு, "புதுசா என்ன சாப்பிடறீங்க?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணும் இல்லீங்க, சத்துமாவுதான் குடிக்கறேன், அதுல சர்க்கரையே கிடையாது"ன்னு வீட்டம்மா சொன்னாங்க. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டினேன்.

அந்த மாவு தீபாவளிக்கு மருமகள் வாங்கிட்டு வந்தது. ஓசூர்ல வேலைக்குப் போற பொண்ணு. அத்தைக்கு சர்க்கரைன்னு தெரிஞ்சு, கடையில பத்து டப்பாவைத் திருப்பிப் பார்த்து எடுத்தேன்னு சொல்லுச்சு. அரைக் கிலோ 380 ரூபாய். தீரத் தீர ஆன்லைன்ல அனுப்பி வெச்சுது. டப்பா முன்னாடி பெரிய எழுத்துல மூணு வாசகம்: மல்டிகிரெயின், ஹை புரோட்டீன், நோ ஆடட் சுகர். கீழே பாதி டப்பாவுக்கு முத்தின கேழ்வரகுக் கதிர் படம். நம்ம காட்டுல விளையறது டப்பாவுல ஏறியிருக்கேன்னு எனக்கும் பெருமைதான். பொய் சொல்லல.

டாக்டரம்மா கேட்ட கேள்வி மட்டும் மனசுல நின்னுது. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பினேன். பின்பக்கத்து எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருந்துது. போன்ல படம் எடுத்துப் பெருசாக்கித்தான் படிக்க முடிஞ்சுது. வரிசை இப்படி: கோதுமை மாவு 41 சதவீதம், மால்டோடெக்ஸ்ட்ரின், சோயா 14, பேரீச்சம்பழப் பொடி, கேழ்வரகு 5, கம்பு 3, தினை 2, கடைசியில கோகோ, உப்பு, மணத்துக்குச் சேர்க்கறது.

இதைப் படிக்க ஒரு விதி தெரிஞ்சிருக்கணும். எடையில எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும், அடுத்தது அதுக்குக் கீழே, இப்படியே இறங்கி வரணும். இன்னொண்ணு, ஒரு பொருளைப் படம் போட்டோ பேர் போட்டோ முன்னாடி தூக்கிக் காட்டினா, அது எத்தனை சதவீதம்னு சொல்லியாகணும். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2020 லேபிள் விதியில இருக்கு. அதனாலதான் கேழ்வரகுக்கு நேரா 5ன்னு வந்திருக்கு. இல்லேன்னா அதுவும் வந்திருக்காது.

அரைக் கிலோ டப்பாவுல 5 சதவீதம்னா 25 கிராம். ஒரு கைப்பிடிகூட இல்லை. இந்த வருஷம் என் கேழ்வரகை வியாபாரி கிலோ 38 ரூபாய்க்கு எடுத்தார். கணக்குப் போட்டா அந்த டப்பாவுக்குள்ள போன கேழ்வரகுக்கு என் பங்கு 95 காசு. 380 ரூபாய் டப்பாவுல கதிர் படத்துக்கு ஆன மை செலவு அதைவிட அதிகமா இருக்கும்! கேழ்வரகு, கம்பு, தினை மூணையும் கூட்டினாலும் 10 சதவீதம்தான். ஆனா மல்டிகிரெயின்னு போட்டது பொய் இல்லை. ஒண்ணுக்கு மேல தானியம் இருக்குன்னுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். எது எவ்வளவுன்னு அது சொல்லாது. டப்பா நிறைய இருக்கறது கோதுமை மாவு.

அடுத்து, சதவீதம் போடாம ரெண்டாவது இடத்துல நிக்குற அந்த வாயில நுழையாத பேரு. சதவீதம் போட்டிருக்கறதை எல்லாம் கூட்டினா 65. மீதி 35. கடைசியில இருக்கற கோகோ, உப்பு வகையறாவுக்கு 3 சதவீதம் தாராளமா ஒதுக்கினேன். 32 நிக்குது. அதுல பேரீச்சம் பொடியும் மால்டோடெக்ஸ்ட்ரினும் மட்டும்தான். பேரீச்சம் பொடி சோயாவுக்குக் கீழே, கேழ்வரகுக்கு மேலே நிக்குது. அப்ப அது 5க்கும் 14க்கும் நடுவுல. ஆக மால்டோடெக்ஸ்ட்ரின் குறைஞ்சது 18, அதிகமாப் போனா 27 சதவீதம். கேழ்வரகைப் போல மூணு மடங்குக்கும் மேல. ஆனா அதோட படம் டப்பாவுல எங்கேயும் இல்லை.

அது என்னன்னு விசாரிச்சப்பதான் சிரிப்பும் வந்துது, எரிச்சலும் வந்துது. மாவுச்சத்தை நொதி போட்டு உடைச்சுக் காயவெச்ச வெள்ளைப் பொடி. மக்காச்சோளத்துல எடுப்பாங்க, நம்ம குச்சிக்கிழங்கு மாவுலயும் எடுப்பாங்க. கிழங்கை மில்லுக்குக் கொண்டுபோனா பாயிண்ட் பார்த்துத்தானே விலை போடறாங்க, அந்தப் பாயிண்ட்தான் மாவுச்சத்து. அதை முழுசா உடைச்சா குளுக்கோஸ். பாதியில நிறுத்தினா மால்டோடெக்ஸ்ட்ரின். நாக்குல இனிப்பு கொஞ்சம்தான் தெரியும். ஆனா வயித்துக்குள்ள போனதும் மீதி உடையறதுக்கு நேரமே ஆகறதில்லை. ரத்தத்துல சர்க்கரையை ஏத்தறதுல கிட்டத்தட்ட குளுக்கோஸுக்குச் சமம்.

அப்ப நோ ஆடட் சுகர்னு எப்படிப் போட்டாங்க? சத்துப் பட்டியல்ல சர்க்கரைன்னு எழுதறது சின்னச் சின்னச் சர்க்கரைகளை மட்டும்தான். இது அதைவிட நீளமான சங்கிலி. அதனால சர்க்கரைக் கட்டத்துல வராம, மேல கார்போஹைட்ரேட் கட்டத்துல போய் உட்கார்ந்துக்குது. எங்க டப்பாவுல 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் 71 கிராம், மொத்தச் சர்க்கரை 9, சேர்த்த சர்க்கரை 0. நாங்க அந்தக் கடைசி பூஜ்யத்தை மட்டும்தான் பார்த்தோம். சர்க்கரைக்காரங்க பார்க்க வேண்டியது அந்த 71.

பேரீச்சம் பொடி விஷயத்துல எனக்கு அவங்க மேலயே சந்தேகம் இருக்கு. சர்க்கரைக்குப் பதிலா உலர்பழக் கூழ் மாதிரி பொருளைப் போட்டுட்டு நோ ஆடட் சுகர்னு சொல்லக்கூடாதுன்னு 2018 விளம்பர விதி சொல்லுது. பொடின்னா கூழ் இல்லைன்னு வாதம் பண்ணுவாங்களோ என்னவோ.

ஹை புரோட்டீன் கதை சின்னது. ஒரு ஆம்பளைக்கு நாளுக்கு 54 கிராம் புரதம் வேணும்னு கணக்கு. அதுல ஐந்துல ஒரு பங்கு, அதாவது சுமார் 11 கிராம், 100 கிராம் பொருள்ல இருந்தா ஹைன்னு போட்டுக்கலாம். இதுல 12 இருக்கு. வெறும் கோதுமை மாவே பத்து, பதினொண்ணு வரும், கொஞ்சம் சோயா போட்டதும் கோட்டைத் தாண்டியாச்சு. ஆனா யாரும் 100 கிராமை ஒரே டம்ளர்ல கரைச்சுக் குடிக்கறதில்லை. அவங்களே போட்டிருக்கற அளவு 30 கிராம். அதுல புரதம் 3.6 கிராம். அதே 30 கிராம் பொட்டுக்கடலையில ஆறு கிராமுக்கு மேல இருக்கு. ஒரு கோழி முட்டையிலயும் ஆறு.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வீட்டம்மா எவ்வளவு போடறாங்கன்னு பார்த்தேன். நாலு கரண்டி, குவிச்சு. தராசுல வெச்சா 45 கிராம். காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். அதுவும் இட்லிக்குப் பதிலா இல்லை, இட்லி தின்னுட்டு மேல. "அதான் சர்க்கரை இல்லாததாச்சேங்க, மருந்து மாதிரி தானே"ன்னாங்க. டீயில அரை ஸ்பூன் சர்க்கரை போட ஒன்பது வருஷமா பயப்படற மனுஷி, ஒரு நாளைக்கு 60 கிராமுக்கு மேல மாவுச்சத்தைப் பயமில்லாமக் குடிச்சிருக்காங்க. என் கோபம் மாவு மேல இல்லை, முன்னாடி போட்ட அந்த வாசகம் மேலதான். அது இல்லாம இருந்திருந்தா நாங்க அளந்து குடிச்சிருப்போம்.

பையன் வாங்கிக் குடுத்த சர்க்கரை பார்க்கற மிஷின் இருக்கு. தனித்தனி மூணு காலையில சோதிச்சோம், வேற எதுவும் சாப்பிடாம. டப்பா மாவைப் பால்ல கலந்து குடிச்ச அன்னைக்கு வெறும் வயித்துல 132, ரெண்டு மணி நேரம் கழிச்சு 221. அடுத்து நம்ம கேழ்வரகுக் கஞ்சி, நைசா அரைச்ச மாவுல: 129 இருந்தது 204 ஆச்சு. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. மூணாவது நாள் சின்ன உருண்டை களி, கரகரப்பா அரைச்ச மாவு, கீரைக் குழம்போட: 134ல இருந்து 178. இது ஆராய்ச்சி இல்லீங்க, ஒரு ஆளு, மூணு நாளு. ஆனா கேழ்வரகுன்னாலே சர்க்கரை ஏறாதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சதும் பாதிதான் சரின்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. நைசா அரைச்சுக் கஞ்சியாக் காய்ச்சினா அதுவும் ஏத்தும்.

மருமகள்கிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்துது. ஆசையா வாங்கிக் குடுத்த பொண்ணு. நான் சுத்தி வளைச்சு ஆரம்பிச்சதுமே புரிஞ்சுக்கிச்சு. "அந்த டப்பாவையா மாமா சொல்றீங்க? நான் முன்னாடி மட்டும்தானே பார்த்தேன்"ன்னு சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் பேசல. "திருப்பித் திருப்பிப் பார்த்தேன்னு சொன்னியேம்மா"ன்னேன். "பின்னாடி சர்க்கரை சைபர்னு பார்த்தேன் மாமா, அதோட விட்டுட்டேன்"னுச்சு. அதுல என்ன தப்பு? நாங்க மூணு மாசம் குடிச்சப்ப அதைக்கூடப் பார்க்கலையே.

டப்பாவை நிறுத்தி, டாக்டரம்மா கூட்டின மாத்திரையையும் போட்டுட்டு, சித்திரையில எடுத்த சோதனையில 7.7 வந்துது. எது எவ்வளவு குறைச்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைக்கலாமான்னு அடுத்த தடவை பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க.

போன வாரம் மருமகள் போன் பண்ணி அஞ்சு கிலோ கேழ்வரகு கேட்டுச்சு. கல் பொறுக்கி, புடைச்சு, ஒரு கிலோ பொட்டுக்கடலையும் சேர்த்து பஸ்ல போட்டு விட்டேன். "மில்லுல நைசா அரைச்சுடப் போறாங்க, கரகரப்பா இருக்கணும்னு பக்கத்துலயே நின்னு சொல்லு"ன்னு வீட்டம்மா அவகிட்ட ரெண்டு தடவை போன்ல சொல்லிட்டாங்க.