கூட்டல் நின்றுபோன கதை



போன மாதம் நம் பழைய மாணவர் சந்திப்புக்குச் சாப்பாட்டுக் கணக்கு எடுத்தது நான்தான். கூகுள் ஃபார்மில் மூன்று கேள்விகள்: பெயர், சைவம் எத்தனை பேர், அசைவம் எத்தனை பேர். Responses பக்கத்தில் Link to Sheets அழுத்தினால், வரும் பதிலெல்லாம் ஒரு ஷீட்டில் வரிசையாக விழும். பக்கத்திலேயே தனி ஷீட் ஒன்று திறந்து கூட்டலும் போட்டேன்.

ஞாயிறன்று 34 குடும்பங்கள் பதில் போட்டிருந்தார்கள். சைவம் 61, அசைவம் 48. சமையல் மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பார்த்தாலும் அதே 61, 48. 'இனி யாரும் வரப்போவதில்லை போல' என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை ஒரு மாணவி போன் செய்து, "டீச்சர், நாங்க அஞ்சு பேர்னு நேத்து போட்டோமே, சேர்ந்துச்சா?" என்றாள். பதில் ஷீட்டைத் திறந்தால் 49 வரிசை!

தப்பு என்னுடையதுதான். நான் எழுதியிருந்தது இது:

```
=SUM('Form Responses 1'!C2:C35)
```

35-வது வரிசையோடு கூட்டலை நானே நிறுத்தியிருக்கிறேன். ஃபார்ம் ஒவ்வொரு புதுப் பதிலையும் கடைசி வரிசைக்குக் கீழே சேர்க்கிறது. அது என் எல்லைக்குள் வராது. ரிஜிஸ்டரில் மொத்தம் போட்டுக் கோடு இழுத்த பிறகு புதுப் பையன் சேர்ந்த மாதிரி. எச்சரிக்கை எதுவும் காட்டாது, பழைய எண்ணே நிற்கும். எல்லையை எடுத்துவிட்டு முழு நெடுவரிசையையும் கொடுத்தேன்:

```
=SUM('Form Responses 1'!C:C)
```

மேலே இருக்கும் கேள்வித் தலைப்பு எழுத்து என்பதால் கூட்டலில் சேராது, பயம் வேண்டாம். அசைவத்துக்கு C-க்குப் பதில் D. இப்போது 83, 71.

அதோடு விட்டிருந்தால் இன்னும் மூன்று பேருக்கு இலை இருந்திருக்காது. ஒருத்தன் "3 பேர்" என்று எழுதியிருந்தான் (வகுப்பிலும் அப்படித்தான், கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை!). தலைப்பைப் போலவே அதையும் எழுத்து என்று தள்ளிவிட்டது. கண்டுபிடிப்பது எளிது: எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். அந்த ஒன்று மட்டும் இடப்பக்கம் நின்றது. வெறும் 3 என்று மாற்றியதும் சைவம் 86 ஆனது. இனி யாரும் அப்படி எழுதாமலிருக்க, ஃபார்மில் அந்தக் கேள்விகளின் மூன்று புள்ளியைத் தொட்டு Response validation, பிறகு Number, Whole number என்று வைத்தேன். ஏற்கெனவே வந்த பதில்களை இது திருத்தாது, அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

கடைசியில் என் பெயரிலேயே சைவம் 1, அசைவம் 0 என்று ஒரு பதில் அனுப்பிப் பார்த்தேன். 86 என்பது 87 ஆனது. நான் ஏற்கெனவே கணக்கில் இருந்ததால் அந்த வரிசையை அழித்துவிட்டு மாஸ்டருக்குப் போன் போட்டேன். 48 பேர் கூடுதல் என்றதும் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. "இப்பவாவது சொன்னீங்களே டீச்சர்" என்றார்.