சாத்திரியாரின் கடிதம்

உரும்பிராயில் வாழும் ஐம்பத்திரண்டரை வயதுக் கைம்பெண் ஒருவர், தமக்கு வந்த கடிதமொன்றை அண்மையில் என்னிடம் காட்டினார். காப்புகளை அடகு வைத்து மிளகாய்த்தூள் ஆலை தொடங்க, நடப்புத் திசை இடங்கொடுக்குமா என்று சாத்திரியாரிடம் கேட்டிருந்தார்.

அம்மையார் பிறந்தது அனுஷ நட்சத்திரத்தின் நடுவில். ஆகவே 19 ஆண்டுச் சனி திசையில் எஞ்சியது பாதி, அதாவது 9½ ஆண்டு. அதனுடன் புதன் 17, கேது 7, சுக்கிரன் 20 ஆகியவற்றைக் கூட்டினால் சுக்கிர திசை 53½ வயதில் முடியும். அதன் கடைசி 14 மாதங்கள் கேது புத்தி. திசை மாறும் சந்தியில் பெருமுதல் போடலாகாது என்பது சாத்திர விதி. சாத்திரியாரும் அதையே எழுதியிருந்தார்.

கடிதத்தின் பிற்பகுதிதான் என் மனத்தில் நின்றது. மூலக் குறிப்பு 1995 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. இப்போதுள்ளது தாயார் நினைவிலிருந்து சொன்ன நேரம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ 24 மணி நேரமாகும். பிறந்த நேரம் ஒரு மணி பிசகினால் திசை முடிவு ஒன்பது மாதத்துக்கு மேல் நகரும். வாக்கியமா, திருக்கணிதமா என்பதைப் பொறுத்தும் அது மாறும். இத்தகைய கணக்கை நம்பிக் காப்பை அடகு வைக்கவும் வேண்டாம், முயற்சியைக் கைவிடவும் வேண்டாம். முதலில் வேறோர் ஆலையில் கூலிக்கு அரைப்பித்து விற்றுப் பாருங்கள் என்று முடித்திருந்தார்.

அம்மையார் இப்போது அப்படித்தான் செய்துவருகிறார்.