7 வெள்ளி 21 காசு

மலேசியாவில் 1 காசு நாணயம் கைமாறுவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும் ரசீதின் மொத்தத் தொகையை அருகில் இருக்கும் 5 காசுக்குத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று பேங்க் நெகாரா விதி கொண்டுவந்தது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0க்கு இறங்கும். 3, 4 என்றால் 5க்கு ஏறும். 6, 7 என்றால் 5க்கு இறங்கும். 8, 9 என்றால் 10க்கு ஏறும். கடைக்குப் போகிற எல்லாருக்கும் இது பழகிப்போன கணக்கு. ரசீதின் அடியில் ‘ரவுண்டிங்’ என்று ஒரு வரி வரும், யாரும் அதைப் படிப்பதில்லை.

இந்த விதியைக் கல்லா மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் போனது. படித்து முடித்து நான்கு மாதம். மளிகைக் கடைகளுக்கான மென்பொருள் அது. அவள் எழுதி முடித்து ஒரு புல் ரிக்வெஸ்ட் திறந்தாள்.

மென்பொருள் வேலையில் இல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். நாம் எழுதிய நிரல் நேரே கடைக்குப் போய்விடாது. ‘இதை எழுதியிருக்கிறேன், பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று குழுவின் முன் வைக்க வேண்டும். அதுதான் புல் ரிக்வெஸ்ட். சேர்த்த வரிகள் பச்சையில் தெரியும். எந்த வரிக்குக் கீழேயும் மற்றவர்கள் கருத்து எழுதலாம், எழுதியவர் அதற்குப் பதில் போடலாம். அப்படி ஒரு வரியின் கீழே ஒரு திரி வளரும். குழுவில் உள்ள எல்லாரும் அதைப் பார்க்கலாம். யாரும் அதை அழிப்பதில்லை.

அவள் எழுதியது இவ்வளவுதான்:

```python
def cash_total(prices):
    total = 0.0
    for p in prices:
        total += round(p / 0.05) * 0.05
    return total
```

ஒவ்வொரு பொருளின் விலையையும் 5 காசுக்குத் திருத்திவிட்டுப் பிறகு கூட்டுகிறது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு தவறுகள் உண்டு.

மறுபார்வைக்கு இரண்டு பேர். எனக்கு முன்னால் பார்த்தவர் அனுபவசாலி. தவறு அவர் கண்ணில் உடனே பட்டிருக்கிறது. கீழே ஒரே வரி எழுதினார். எங்கள் திரிகள் ஆங்கிலமும் பேச்சுத் தமிழும் கலந்து ஓடும், இங்கே தமிழிலேயே தருகிறேன்.

“இது தப்பு. டெஸ்ட் பண்ணிப் பார்த்தியா இல்லையா?”

அவர் சொன்னது உண்மை. ஆனால் எது தப்பு, எந்த ரசீதில் தப்பு, என்ன வந்திருக்க வேண்டும் என்ற மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை. கடைசியில் இருக்கும் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. ‘பார்த்தேன்’ என்றால் பார்த்தும் தெரியவில்லையா என்று ஆகும். ‘பார்க்கவில்லை’ என்றால் ஏன் அனுப்பினாய் என்று ஆகும். எந்தப் புதியவரும் எழுதுவதைத்தான் அவளும் எழுதினாள்: “சாரி அண்ணா, சரி பண்றேன்.”

ஒரு மணி நேரத்தில் திருத்தம் வந்தது. கடைசி வரியை `return round(total, 2)` என்று மாற்றியிருந்தாள். ஏன் என்று யோசித்தால் புரியும். அவள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். எங்கோ தொகைக்குப் பின்னால் நீளமாக இலக்கங்கள் வந்திருக்கின்றன. அதுதான் ‘தப்பு’ என்று எடுத்துக்கொண்டு, இரண்டு இலக்கத்தோடு வெட்டிவிட்டாள். இப்போது திரையில் எல்லாம் அழகாகத் தெரியும், கணக்கு மட்டும் அப்படியே தவறாக இருக்கும். குறை சொன்னதன் விளைவாகக் குறை இன்னும் ஆழமாக ஒளிந்துகொண்டது. அவர் கெட்டவர் இல்லை. அன்று அவர் வரிசையில் இன்னும் ஆறு பேருடைய வேலை காத்திருந்தது. பத்து விநாடியில் எழுதிய வரி அது.

நான் ‘தப்பு’ என்ற சொல்லை விட்டுவிட்டு மூன்று விலைகளை எழுதினேன்.

“தக்காளி 3.42, கத்திரிக்காய் 2.17, பச்சை மிளகாய் 1.62. இந்த மூணையும் கொடுத்தா எனக்கு 7.15 வருது. ரசீதுல எவ்வளவு வரணும்?”

நிறுத்து விற்கிற காய்கறிக்கு இப்படித்தான் விலை வரும். இதில் அவளுக்குத் தெரியாத எதுவும் இல்லை. காகிதத்தில் கூட்டிப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

“கூட்டினா 7.21. அப்போ 7.20 வரணும். 5 காசு குறையுது. ஒவ்வொண்ணா ரவுண்ட் பண்ணக்கூடாதா அண்ணா? மொத்தத்துலதான் பண்ணணுமா?”

ஆமாம், விதி மொத்தத்துக்குத்தான் என்று எழுதி, மூன்று விலையிலும் ஒரு காசு ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். 3.43, 2.18, 1.63. மொத்தம் 7.24, கட்ட வேண்டியது 7.25. அவளுடைய நிரல் 7.30 கேட்கும். முதல் கணக்கில் கடைக்காரருக்கு நட்டம், இரண்டாவதில் வாங்குகிறவருக்கு. ஒரு பொருளுக்கு அதிகம் போனால் 2 காசு விலகும். இருபது பொருள் வாங்கினால் 40 காசு வரை போகலாம். ஆனால் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால் பல ரசீதுகளில் தொகை சரியாகவே வரும். நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தால் இந்தத் தவறு பிடிபடாமல் போவதற்கு அதுதான் காரணம். டெஸ்ட் பண்ணினாயா என்று கேட்பதைவிட எதை வைத்து டெஸ்ட் பண்ணுவது என்று காட்டுவது பயன்படுவதும் அதனால்தான்.

இங்கே தமிழ் ஒரு வசதியைத் தருகிறது. ‘ஏன் இப்படிப் போட்டே?’ என்றால் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் நிற்கிறார். ‘7.15 வருது’ என்றால் ஆள் இல்லை, எண்தான் வருகிறது. அதை இருவரும் ஒரே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

இரண்டாவது தவறை நான் கேள்வியாகக் கேட்கவில்லை. நேரடியாகச் சொன்னேன். பைத்தானில் `0.05 * 3` என்று தட்டினால் இப்படி வரும்:

```
0.15000000000000002
```

மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போவதுபோல, 0.05 என்ற எண் இரண்டின் அடிமான முறையில் முடியாமல் போகும். கணினி ஏதோ ஓர் இடத்தில் வெட்டி வைத்துக்கொள்கிறது. அந்தத் துணுக்கு கூட்டலில் வெளியே எட்டிப் பார்க்கிறது. அவள் பார்த்து மிரண்ட நீள இலக்கங்கள் இவைதான். வழி எளிது. வெள்ளியில் கணக்குப் போடாமல் காசில் போட வேண்டும். 3.42 என்பதை 342 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டால் வெட்டுவதற்கு எதுவும் இல்லை.

தன் கையில் இருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கக்கூடியதைத்தான் கேள்வியாகக் கேட்க வேண்டும். காய்கறிக் கணக்கு அப்படிப்பட்டது. இரண்டின் அடிமானம் அப்படியல்ல. யாராவது சொல்லாமல் அது தெரியவராது. அதைப் போய் ‘இங்கே என்ன பிரச்சினைன்னு யோசிச்சுப் பாரு’ என்றால் அது வழிகாட்டுதல் இல்லை, பரீட்சை.

மூன்றாவதாக ஒரு சின்ன விஷயம். `p` என்ற பெயரை `price` என்று வைக்கலாம் என்று எழுதி, முன்னால் `nit:` என்று போட்டேன். ‘அற்ப விஷயம், விருப்பம் இருந்தால் மாற்று’ என்பதற்கான குறி அது. கூகள் வெளியிட்டிருக்கும் மறுபார்வை வழிகாட்டியிலும் இந்தப் பழக்கம் உண்டு. அது இல்லாவிட்டால் பெயர் மாற்றமும் பணக் கணக்கும் ஒரே எடையில் தெரியும். புதியவர் எது சுலபமோ அதை முதலில் செய்வார். வெற்று வரி, இடைவெளி என்று இன்னும் சில என் கண்ணில் பட்டன. எழுதவில்லை. அவற்றைத் தானாகவே சரிசெய்யும் கருவிகள் இருக்கின்றன.

மறுநாள் காலை புதிய வடிவம் வந்தது.

```python
def cash_total(sen_list):
    total = sum(sen_list)
    return (total + 2) // 5 * 5
```

இரண்டைக் கூட்டு, ஐந்தால் வகுத்து மீதியை விடு, திரும்ப ஐந்தால் பெருக்கு. 721 என்றால் 723, அதில் 144 ஐந்துகள், ஆக 720. 724 என்றால் 726, 145 ஐந்துகள், 725. அந்த இரண்டு காய்கறி ரசீதுகளையும் அவளே டெஸ்டாக எழுதிச் சேர்த்திருந்தாள். கீழே ஒரு கேள்வியும் இருந்தது.

“அண்ணா, பொருளைத் திருப்பிக் கொடுத்தா தொகை மைனஸ்ல வருமே? மைனஸ் 723க்கு என்ன ஆகும்?”

அதை நானோ முதலில் பார்த்தவரோ கேட்டிருக்கவில்லை. ஓட்டிப் பார்த்தோம். மைனஸ் 725 வந்தது, சரிதான். பைத்தானில் `//` எப்போதும் கீழ்நோக்கியே இறங்கும். ஆனால் இதே சூத்திரத்தைக் கைப்பேசிச் செயலியில் ஜாவாவில் எழுதும் திட்டம் இருந்தது. ஜாவாவில் முழு எண் வகுத்தல் பூச்சியத்தை நோக்கி வெட்டும். அங்கே மைனஸ் 720 வரும். 7.25 கட்டி வாங்கியவருக்கு 7.20 திரும்பிப் போகும். “இது நல்ல கேள்வி. மைனஸ் 723ஐயும் டெஸ்டா போடு, ஜாவா பக்கத்துக்கும் அதே டெஸ்ட் போகட்டும்” என்று எழுதினேன். ‘சூப்பர்’ என்று மட்டும் போட்டிருந்தால் எது நன்றாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

முதல் நாளின் அந்த ஒற்றை வரியோடு திரி நின்றிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ‘சாரி’ சொல்லிவிட்டுத் திருத்துகிறவர் அடுத்த முறை குறைவாகத்தான் காட்டுவார். கேள்வி கேட்டால் தெரியாதது வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுவார். கணக்கில் வராத இடங்கள் அப்படித்தான் கடை வரைக்கும் போகின்றன.

எல்லாவற்றையும் திரியிலேயே முடிக்க முடியாது என்பதும் உண்மை. வரிகள் சரியாக இருந்து, எடுத்துக்கொண்ட வழியே தவறு என்றால், வரி வரியாகக் கருத்து எழுதுவது வீண். நாற்காலியை இழுத்துப்போட்டு அரை மணி நேரம் பேசிவிட்டு, பேசியதன் சுருக்கத்தைத் திரியில் எழுதிவைப்பதுதான் நல்லது. இன்றிரவே கடைக்குப் போக வேண்டிய அவசரத் திருத்தத்துக்கும் இதே வழிதான்.

மூன்றாம் நாள் அவளுடைய நிரல் சேர்க்கப்பட்டது. முதலில் பார்த்தவரும் ஒப்புதல் கொடுத்தார். சில மாதம் கழித்து வேறொருவர் அந்த வரியைப் பார்த்து, எதற்கு இந்த 2 என்று கேட்டார். யாரும் விளக்கவில்லை. அவள் அந்தத் திரியின் இணைப்பை அனுப்பினாள். தக்காளி விலையிலிருந்து எல்லாம் அதில் இருக்கிறது.